அப்பா மாத்திரை சாப்பிட்டார்

இது நீளமான பதிவு. ஒரு பழைய குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதற்காக இதை எழுதுகிறேன். அந்தக் குற்றச்சாட்டைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

கோலார் தங்கவயலில் வளர்ந்தவள் நான். அப்பா சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். ஆட்களையும் பாறையையும் ஏற்றியிறக்கும் கூண்டு அவர் கையசைவில்தான் நகரும். 1996-இல் அவருடைய கழுத்துக் கழலையை அறுவை செய்து, தைராய்டு சுரப்பியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து விடியற்காலை வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. மாத்திரை மட்டும் தொடர்ந்தது. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் அவருடைய டிஎஸ்எச் இருபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு மருத்துவரும் அதே கேள்வியைக் கேட்பார்: "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" அப்பா தலையசைப்பார். மருத்துவர் நம்பமாட்டார். பிறகு நாங்களும் நம்பவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது ஒருமுறை, அவருக்குத் தெரியாமல் அட்டையிலிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது. அப்போதும், எடுத்து எறிந்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

இப்போது பெங்களூரில் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்றாண்டுகளுக்கு முன் எனக்குப் படபடப்பு தொடங்கியது. இருக்கையில் அமர்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 108. கைவிரல்களில் லேசான நடுக்கம். குரல்வளைக்குக் கீழே மெல்லிய வீக்கம். ரத்தம் கொடுத்தேன். மூன்று எண்கள் வந்தன. கட்டற்ற டி4 டெசிலிட்டருக்கு 2.6 நானோகிராம், மேல் எல்லை 1.8. கட்டற்ற டி3 மில்லிலிட்டருக்கு 5.9 பிகோகிராம், மேல் எல்லை 4.2. டிஎஸ்எச் 3.4; அது இயல்பு எல்லைக்குள்ளேயே இருந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் டி3, டி4 இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டார். தைராய்டு மிகைச்சுரப்பு என்றார். கார்பிமசோல் நாளுக்கு 30 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். எட்டு வாரம் கழித்து டி4 1.7-க்கு இறங்கியிருந்தது, அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் டிஎஸ்எச் 14-க்கு ஏறியிருந்தது. கழுத்து வீக்கமும் கண்ணாடியில் தெரியுமளவுக்குப் பெருத்திருந்தது. அடிக்கடி அவதிப்படுவதைவிடக் கதிரியக்க அயோடின் கொடுத்துச் சுரப்பியை ஒரேயடியாகச் செயலிழக்கச் செய்துவிடலாம் என்றார். தேதியும் குறிக்கப்பட்டது.

அந்த வாரம் இளங்கலை மாணவர்களுக்குப் பின்னூட்டக் கட்டுப்பாடு பற்றிய வகுப்பு எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பிட்யூட்டரி டிஎஸ்எச்சைச் சுரக்கிறது. டிஎஸ்எச் தைராய்டைத் தூண்டுகிறது. தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் அது பிட்யூட்டரிக்குச் சென்று டிஎஸ்எச்சை அடக்குகிறது. கரும்பலகையில் வட்டம் வரைந்தேன். இந்த அடக்குதல் மிகக் கூர்மையானது; டி4 இருமடங்கானால் டிஎஸ்எச் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகச் சரியும் என்று பாடநூல் சொல்வதையும் சொன்னேன். சொல்லி முடித்த கணத்தில்தான் என் அறிக்கை நினைவுக்கு வந்தது. டி4 2.6 என்றால் என் டிஎஸ்எச் அளக்க முடியாத அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். சாதாரண மிகைச்சுரப்பு நோய்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும். என்னுடையதோ 3.4. "இயல்பு" என்று அச்சிடப்பட்டிருந்த அந்த எண்தான் அறிக்கையிலேயே இயல்பற்றது.

அயோடின் தேதியை ரத்து செய்துவிட்டு ஓர் அகச்சுரப்பியியல் நிபுணரிடம் போனேன். அவர் கார்பிமசோலை நிறுத்தச் சொல்லி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். மருந்தின் நிழல் விலகாமல் எந்த எண்ணையும் நம்ப முடியாது என்றார். திரும்பிப் போனபோது டி4 மீண்டும் 2.6, டிஎஸ்எச் 3.8.

அவருடைய முதல் ஐயம் என் உடல்மீது எழவில்லை, கருவியின்மீது எழுந்தது. "முடி உதிர்வுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். பயோட்டின் மிகுந்த மாத்திரைகள் சில ஆய்வு முறைகளைக் குழப்பும். ஆனால் பெரும்பாலும் டி4-ஐ உயர்த்தியும் டிஎஸ்எச்சைத் தாழ்த்தியும் காட்டும். அது என்னுடையதற்கு நேர்மாறான திசை. அமியோடரோன் போன்ற இதய மருந்துகளையும் கேட்டு விலக்கினார். அடுத்து, என் ரத்தத்தில் ஆய்வுக்கூட வேதிப்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப்புரதம் ஏதேனும் இருந்து பொய்யான டிஎஸ்எச்சைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக அதே மாதிரியை வேறு நிறுவனத்தின் கருவியில் அளந்தார்கள். பாதியாகவும் நான்கில் ஒன்றாகவும் எட்டில் ஒன்றாகவும் நீர்த்தும் அளந்தார்கள். உண்மையான டிஎஸ்எச் என்றால் எண்ணும் அதே விகிதத்தில் குறையும். பொய் என்றால் தாறுமாறாகும். என்னுடையது ஒழுங்காகக் குறைந்தது. இன்னொரு வாய்ப்பும் இருந்தது. சில குடும்பங்களில் ஆல்புமின் புரதத்தின் பிறவி மாற்றம் டி4-ஐ மிகுதியாகப் பிடித்துக்கொண்டு அளவைக் கூட்டிக் காட்டும். அவர்களிடம் கட்டற்ற டி3 பெரும்பாலும் இயல்பாக இருக்கும்; எனக்கோ டி3-யும் உயர்ந்திருந்தது. இரண்டு கருவிகளும் அதையே சொல்லின.

ஆக, எண்கள் உண்மை. ஹார்மோன் மிகுந்திருந்தும் பிட்யூட்டரி அடங்கவில்லை. நிபுணர் சொன்னார்: "இதற்கு இரண்டே காரணங்கள்தான் மிச்சம். இரண்டும் அரியவை. ஒன்று, பிட்யூட்டரியில் டிஎஸ்எச் சுரக்கும் கட்டி. மற்றொன்று, ஹார்மோனை உடல் சரியாக உணராத பிறவித் தடை."

வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது இதை அப்பாவிடம் விளக்க முயன்றேன். சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "கீழேயிருந்து மணி அடிப்பாங்க கண்ணு. அதைக் கேட்டுத்தான் நான் எஞ்சினை நிறுத்தணும். மணி அடிச்சும் எஞ்சின் நிக்கலேன்னா, ஓட்டுறவன் காது மந்தம். இல்லேன்னா கேட்டும் கேக்காத மாதிரி இருக்கான்." இதைவிட எளிமையாக எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. பிறவித் தடையில் ஓட்டுநருக்குக் காது மந்தம். மணி பலமாக ஒலித்தால்தான் கேட்கும். கட்டியில் ஓட்டுநர் கட்டளைக்குப் பணியாதவர். எவ்வளவு பலமாக ஒலித்தாலும் நிறுத்தமாட்டார்.

இந்த இரண்டையும் பிரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் விளங்கும். தைராய்டு ஹார்மோனை உணரும் ஏற்பிகள் உடலில் இருவகை: ஆல்ஃபா, பீட்டா. பிட்யூட்டரியும் கல்லீரலும் பெரும்பாலும் பீட்டாவால் கேட்கின்றன. இதயம் பெரும்பாலும் ஆல்ஃபாவால் கேட்கிறது. பிறவித் தடையில் வழக்கமாகக் கெட்டிருப்பது பீட்டா. எனவே பிட்யூட்டரிக்கு ஹார்மோன் போதவில்லை என்று தோன்றும். அது டிஎஸ்எச்சைக் கூட்டும். தைராய்டு பெருத்து இன்னும் ஹார்மோனைச் சுரக்கும். மிகுந்த அந்த ஹார்மோனைப் பழுதில்லாத ஆல்ஃபாவால் கேட்கும் இதயம் ஓடத் தொடங்கும். ஒரே உடலில் ஓர் உறுப்பு பசித்திருக்க, இன்னொன்று அஜீரணத்தால் தவிக்கும். என் படபடப்புக்கும் கழலைக்கும் ஒரே காரணம் இதுவாக இருக்கக்கூடும். கட்டியிலோ எல்லா உறுப்புகளும் சரியாகவே கேட்கின்றன. ஆகவே எல்லா உறுப்புகளுமே மிகைச்சுரப்பால் அவதிப்படும்.

அப்படியென்றால் கல்லீரலைக் கேட்டால் போதுமே! பாலின ஹார்மோன்களைப் பிணைக்கும் குளோபுலின் என்றொரு புரதத்தைக் கல்லீரல் செய்கிறது. தைராய்டு ஹார்மோன் மிகுதியை அது உணர்ந்தால் இப்புரதம் உயரும். எனக்கு அது இயல்பாக இருந்தது: லிட்டருக்கு 48 நானோமோல். கருத்தடை மாத்திரைகள் இப்புரதத்தைத் தாமாகவே உயர்த்திவிடும் என்பதால் அவற்றையும் கேட்டறிந்த பிறகே நிபுணர் அந்த எண்ணை ஏற்றார்.

அடுத்தது ஆல்ஃபா துணையலகு. டிஎஸ்எச் இரண்டு துண்டுகளாலான மூலக்கூறு. கட்டிகள் பலவும் அதில் ஒரு துண்டை மட்டும் கணக்கின்றி ரத்தத்தில் கொட்டும். அந்தத் துண்டின் அளவை டிஎஸ்எச்சால் வகுத்து, பத்தால் பெருக்கினால் வரும் விகிதம் ஒன்றுக்கு மேற்பட்டால் கட்டியை ஐயுறலாம். எனக்குத் துண்டு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம், டிஎஸ்எச் 3.8. விகிதம் 0.79. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது; அவர்களிடம் அதே துண்டைக் கொண்ட வேறு ஹார்மோன்களும் மிகுந்திருக்கும். என் வயதுக்குப் பொருந்தியது.

இரண்டு சாட்சிகளும் பிறவித் தடையின் பக்கம் நின்றன. அந்த நிம்மதியில் இருந்தபோது எம்ஆர்ஐ அறிக்கை வந்தது: பிட்யூட்டரியில் 4 மில்லிமீட்டர் புள்ளி.

அன்றிரவு நான் உறங்கவில்லை. மூக்கின் வழியே கருவி செலுத்தி மூளையின் அடியிலிருந்து கட்டியை எடுக்கும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நிபுணர் அமைதியாகச் சொன்னார்: "எந்த நோயும் இல்லாத பத்துப் பேரைப் படம் எடுத்தால் ஒருவருக்காவது இப்படி ஒரு புள்ளி இருக்கும். படத்தை முதலில் எடுத்திருந்தால் இந்நேரம் உங்களை அறுவைக்கு அனுப்பியிருப்பார்கள். அதனால்தான் ரத்தத்தை முதலில் கேட்டேன்." ஒரு புள்ளி இருப்பது வேறு, அந்தப் புள்ளிதான் டிஎஸ்எச்சைச் சுரக்கிறது என்பது வேறு. இரண்டும் ஒன்றாகவே இருப்பதும் அரிதாக நேரலாம் என்பதால் ஓராண்டு கழித்து மீண்டும் படம் எடுக்க முடிவானது.

கட்டி எப்படியிருக்கும் என்பதையும் அதே காத்திருப்பறையில் அறிந்தேன். என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓர் அம்மையாருக்குப் பல ஆண்டுகள் மிகைச்சுரப்பு என்றே மருந்து கொடுத்திருந்தார்கள். பார்வையின் இரு ஓரங்களும் மங்கி, படியில் இறங்கும்போது சுவரில் இடித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகே படம் எடுத்திருக்கிறார்கள். பார்வை நரம்புகளை அழுத்துமளவுக்குக் கட்டி வளர்ந்திருந்தது. அவருடைய கல்லீரல் புரதம் எல்லையைத் தாண்டியிருந்தது. துண்டு விகிதமும் ஒன்றைத் தாண்டியிருந்தது. அறுவைக்கு முன் ஆக்ட்ரியோடைடு ஊசி போட்டதும் டிஎஸ்எச்சும் டி4-உம் இறங்கின. அறுவைக்குப் பிந்தைய வாரத்தில் டிஎஸ்எச் அளக்க முடியாத அளவுக்கு வீழ்ந்தது. கட்டி முழுதாகப் போய்விட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம்: இத்தனை காலம் அடக்கப்பட்டிருந்த நல்ல செல்கள் இன்னும் விழிக்கவில்லை, கெட்டவை இல்லை. என் நோயை அவருடையதாக எண்ணியிருந்தாலும், அவருடையதை என்னுடையதாக எண்ணியிருந்தாலும் எங்களில் ஒருவர் அழிந்திருப்போம்.

எனக்குத் தீர்ப்பு வேறொரு வழியில் வந்தது. "வீட்டில் வேறு யாருக்காவது தைராய்டு?" என்று நிபுணர் கேட்டார். பிறவித் தடை பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும்; ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கட்டி அநேகமாக அப்படி வருவதில்லை. நான் அலட்சியமாகச் சொன்னேன்: "அப்பாவுக்கு அறுவை ஆகிவிட்டது. ஆனால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடமாட்டார். டிஎஸ்எச் எப்போதும் உயர்ந்தே இருக்கும்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவருடைய டி4 எவ்வளவு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் பழைய கோப்பை வரவழைத்துத் தேதிவாரியாக அடுக்கினோம். 150 மைக்ரோகிராம் மாத்திரையில் டிஎஸ்எச் 22. அதே நாளில் கட்டற்ற டி4 1.9. எல்லையைவிடச் சற்றே மேல். மாத்திரை சாப்பிடாதவருக்கு டி4 தாழ்ந்திருக்க வேண்டும், இவருக்கு உயர்ந்திருந்தது. கோப்பு முழுவதும் இதே கதை. டிஎஸ்எச்சை மட்டும் பார்த்த மருத்துவர் அளவைக் கூட்டியிருந்தார். டி4-ஐ மட்டும் பார்த்த அடுத்தவர் குறைத்திருந்தார். இரண்டையும் ஒருசேர யாரும் வாசிக்கவில்லை. ஓரிடத்தில் ஆங்கிலத்தில் குறித்திருந்தார்கள்: நோயாளி ஒத்துழைப்பதில்லை.

நிபுணர் அவசரப்படவில்லை. பல நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டுப் பரிசோதனைக்கு முன் சேர்த்து விழுங்கினாலும் இதே எண்கள் வரும் என்றார். டி4 உடனே ஏறிவிடும், டிஎஸ்எச் இறங்க வாரங்கள் ஆகும். ஆகவே ஆறு வாரம், காலைக் காப்பிக்கு ஒரு மணி நேரம் முன்பு, அம்மா தம் கையால் கொடுத்து நாட்காட்டியில் குறித்தார். ஆறு வாரத்தின் முடிவில் டிஎஸ்எச் 21. அதன் பிறகு இருவர் ரத்தத்திலும் டிஎச்ஆர்பி மரபணுவை வாசித்தார்கள். பீட்டா ஏற்பியைச் செய்வது அது. மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. 243-ஆம் இடத்தில் ஆர்ஜினைனுக்குப் பதிலாக டிரிப்டோஃபான். எனக்கும் அதே, அப்பாவுக்கும் அதே.

ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதி உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்று சமாளிக்காதா என்று நான் கேட்டேன். இந்த நோயை 1967-இல் சாமுவேல் ரெஃபெட்டாஃபும் அவருடைய சக ஆய்வாளர்களும் முதன்முதலாக விவரித்த குடும்பமே அதற்கு விடை. அங்கே பிள்ளைகளிடம் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் அடியோடு இல்லை என்பது பின்னாளில் தெரியவந்தது. ஒரு பிரதியை மட்டும் இழந்திருந்த பெற்றோருக்கு நோயில்லை. அதாவது, ஒரு பிரதி இல்லாமற்போனால் உடல் தாங்கிக்கொள்ளும். கெட்ட பிரதி இருந்தால்தான் தாங்காது. கெட்ட ஏற்பி ஹார்மோனை ஏற்காமலேயே டிஎன்ஏ-யில் தன் இருக்கையில் அமர்ந்துகொள்ளும். எழுந்து நல்ல ஏற்பிக்கு இடம் விடாது. ஆய்வுக்கூடத்தில் இதை நாங்கள் பலமுறை படித்திருக்கிறோம். என் அப்பாவின் களைப்பு அதற்குள் இருந்தது என்று அப்போது தெரியாது.

இந்த நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. எனக்குச் சுரப்பியில் கைவைக்க வேண்டியதில்லை. உயர்ந்த அந்த ஹார்மோன்தான் என் பீட்டா ஏற்பிகளுக்குச் சரியான அளவு. இதயத்தை மட்டும் புரோப்ரனலால் கொடுத்து நிதானப்படுத்துகிறார்கள். ஓராண்டு கழித்து எடுத்த படத்தில் அந்தப் புள்ளி அதே 4 மில்லிமீட்டரில் இருந்தது. அயோடின் குடித்திருந்தால் நானும் அப்பாவைப் போல ஆகியிருப்பேன்: உடல் தானே ஈடுகட்டிக்கொள்ளும் வழியை அழித்துவிட்டு, எந்த அளவு மாத்திரையும் பொருந்தாமல் வாழ்நாள் முழுதும் திட்டு வாங்கியிருப்பேன். அடங்காத பிட்யூட்டரி காலப்போக்கில் வீங்கி, படத்தில் கட்டி போலவே தோன்றவும் கூடும்.

அப்பாவுக்கு அளவை மெதுவாகக் கூட்டி 200-க்கு வந்திருக்கிறார்கள். டிஎஸ்எச் 9. இன்னும் கூட்டினால் அது இயல்பாகலாம். ஆனால் அவர் இதயத்தின் காது மந்தமில்லை. வயது அறுபதைத் தாண்டிவிட்டதால் இதயத் தாளம் தவறும் ஆபத்து உண்டு. எனவே எண்ணை முழுதாகச் சரிசெய்யாமல் அங்கேயே நிறுத்தினார் நிபுணர். மாலையில் தூங்கி விழுவது குறைந்திருக்கிறது. குளிர் முன்புபோல் வாட்டவில்லை. அவ்வளவுதான் கிடைத்தது.

மரபணு அறிக்கை வந்த மறுநாள் மாரிக்குப்பம் ரயிலேறி ஊருக்குப் போனேன். காகிதத்தை அப்பாவிடம் காட்டி, அவருக்குப் பிறவியிலேயே இருந்த ஒன்று இது என்று சொன்னேன். மாத்திரையை எண்ணிப் பார்த்ததையும் சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கி, படிக்காமலே மடித்துக் கோப்பின் மேல்பக்கம் வைத்தார். "எண்ணினது எனக்குத் தெரியும் கண்ணு. அட்டை இடம் மாறியிருந்துச்சு," என்றார். சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "சாப்பிட்டேன்னு நான் சொன்னதை ஒரு மெஷின் சொன்னப்புறம்தான் நம்புறீங்க."

அதற்கு என்னிடம் பதிலில்லை.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று. உங்கள் அறிக்கையிலோ வீட்டிலுள்ளவர் அறிக்கையிலோ டி4 உயர்ந்திருந்து, டிஎஸ்எச் தாழாமல் இருந்தால், அறுவைக்கோ அயோடினுக்கோ சம்மதிக்குமுன் அந்த இரண்டு எண்களையும் ஒருசேர மருத்துவரிடம் காட்டி, "இவை ஏன் ஒன்றோடொன்று பொருந்தவில்லை?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆய்வுக்கூடப் பிழையாகவோ மாத்திரை தவறியதாகவோ இருக்கும். அப்படி இல்லையென்றால், வீட்டிலுள்ள மற்றவர்களின் பழைய கோப்புகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.